கோட்டைச் சுவரில் நிற்பவன்

அத்தியாயம் 14

போன வாரம் ஒரு கேள்வியை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனேன் என்று ஏகப்பட்ட பேர் என்னை வைதிருக்கிறீர்கள். வைதவர்களுக்கெல்லாம் நன்றி. கேள்வி இதுதான்: அண்ணி போவாளா, இருப்பாளா?

புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. அண்ணி பல் செட் செய்கிறவள். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் பதினோரு வருஷமாக மாவுக்கட்டும் மெழுகுமாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஊரில் சிரிக்கிற பெரியவர்களில் பாதிப் பேர் அவள் கைவேலையைத்தான் காட்டிச் சிரிக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால், கூடப் படித்த தோழி ஒருத்தி கடல் கடந்த துறைமுக நகரத்திலிருந்து கூப்பிட்டாள். "பெரிய லேப் ஆரம்பிச்சிருக்கேன். வேலை மொத்தத்தையும் நீ பாத்துக்க. பங்குதாரரா வா." அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் இன்று. நேரம், மாலை ஆறு மணி.

கணவரைக் கேட்டாள். அவர் பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிறவர். "உன் இஷ்டம்" என்றார். மறுநாளும் கேட்டாள். அதே பதில். அந்த இரண்டு வார்த்தையில் மனுஷர் குடித்தனமே நடத்திவிடுவார்.

ஆகவே காலை ஏழு மணிக்கு அண்ணி நாத்தனாரிடம் போய் நின்றாள்.

நாத்தனாருக்கு வீட்டில் பெயர் சீப்பு. அண்ணியோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறாள், முன்னறையில் பார்லர் வைத்திருக்கிறாள். முடி வெட்டுவது தொழில். படம் போட்ட டாரட் சீட்டை விரித்துக் குறி சொல்வது பக்கத் தொழில். இரண்டிலும் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"எனக்கு சீட்டு போடு" என்றாள் அண்ணி.

"வீட்டு ஆளுங்களுக்குப் போட மாட்டேன். தெரியுமில்ல?"

"தெரியும். இன்னைக்குப் போடு."

"ஏன் போட மாட்டேன்னு கேட்டீங்களா? நீங்க கிளம்பிட்டா அப்பாவும் நானும் மட்டும்தான் இங்க. நீங்க போகணும்னு நினைக்கிறேனா, போகக் கூடாதுன்னு நினைக்கிறேனான்னு எனக்கே தெரியல. அந்த மனசோட சீட்டைத் தொட்டா, படத்துல இல்லாததெல்லாம் என் கண்ணுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். நான் மூணு வாரமா தூங்கல."

சீப்பு அண்ணியின் கண்ணுக்குக் கீழே பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் இருந்த கத்தரிக்கோல், கிளிப் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கினாள். மேஜையில் ஒரு துணியை விரித்தாள்.

"கேள்வி?"

"போகவா, வேண்டாமா?"

"அதெல்லாம் சீட்டுகிட்ட கேக்கக் கூடாது. சீட்டு என்ன உங்க மாமனாரா, அனுமதி குடுக்க? வேற மாதிரி கேளுங்க. முடிவெடுக்கறதுக்கு முன்னாடி நான் எதைப் பாக்கணும், அப்படி."

அண்ணி அப்படியே கேட்டாள். சீட்டுக்கட்டைக் கலைத்தாள். சீப்பு சொன்னபடி மூன்றாகப் பிரித்து மறுபடி அடுக்கினாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். டாரட் சீட்டு நேராக வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் வேறு பொருள். சீப்பிடம் இருப்பது பழைய கட்டு. பின்பக்கத்தில் ஒரு விளக்கின் படம். கவிழ்ந்து கிடக்கும்போதே விளக்கைப் பார்த்து, எது நேர், எது தலைகீழ் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் எடுக்கும்போதும் வைக்கும்போதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மனசு கதை கட்ட ஆரம்பித்துவிடும் என்பது அவள் கட்சி.

கண்ணை மூடியபடியே மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இடது பக்கம், இங்கயே இருந்தா. வலது பக்கம், போனா. நடுவுல இருக்கறது, இப்ப நீங்க நிக்கற இடம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு, அதற்குள் முடி வெட்ட முடியுமா என்று ஒரு பெண். சீப்பு அவளிடம் பேசப் போனாள். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டு அண்ணி அடுப்படிக்கு ஓடினாள். அந்த இரண்டு நிமிஷத்தில் மாமா கையில் துணியோடு பார்லருக்குள் வந்தார், கண்ணாடியைத் துடைத்தார், போனார். மாமா, அதாவது அண்ணியின் மாமனார், அதே முன்னறையில் நாற்பது வருஷம் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்றவர். அங்கே வேறு என்ன செய்தார் என்பதை மத்தியானம் அவரே சொல்வார்.

இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சீப்பு ஒவ்வொரு சீட்டாக, புத்தகத்தில் பக்கம் புரட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்பினாள். மேலிருந்து கீழாகத் திருப்பினால் நேர்ச் சீட்டும் தலைகீழாகிவிடும். அந்தத் தப்பெல்லாம் அவள் செய்ய மாட்டாள்.

இடது பக்கம் ஒரு வீட்டின் வளைவு வாசல். வயசான ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் இரண்டு நாய், பக்கத்தில் குடும்பம், ஒரு குழந்தை. "இருந்தா இது. நிறைஞ்ச வீடு. குறையே கிடையாது."

வலது பக்கம் ஒருவன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, வட்டத் தகடுகளில் நட்சத்திரம் செதுக்கிக்கொண்டிருக்கிறான். "போனா இது. வேலை, வேலை, வேலை. கைத்தொழில் இன்னும் கூராகும்."

"ரெண்டுமே நல்லாதானே இருக்கு?"

"அதான் உங்க கஷ்டமே. ஒண்ணு மோசமா இருந்திருந்தா நீங்க எங்கிட்ட வந்திருக்கவே மாட்டீங்க."

நடுச் சீட்டு. கோட்டைச் சுவர் மேல் ஒருவன் நிற்கிறான். கீழே வயல், மலை, தூரத்தில் கடல். ஒரு கையில் சின்ன உருண்டையாக உலகம். இன்னொரு கையில் ஒரு நீளக் கோல். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோல், சுவரோடு வளையம் போட்டு இறுக்கியிருக்கிறது.

"டூ ஆஃப் வாண்ட்ஸ். இரண்டு கோல்" என்றாள் சீப்பு. "கோல்னா ஆசை, முயற்சி, நெருப்பு. ஒத்தைக் கோல் வந்தா, இப்பதான் பொறி விழுந்திருக்குன்னு அர்த்தம். மூணு வந்தா, கப்பல் கிளம்பியாச்சு. இது ரெண்டு. நடுவுல. ஒரு கோல் கையில, எடுத்துட்டுப் போகலாம். இன்னொண்ணு சுவத்துல, அது வராது. இவன் உலகத்தையே கையில வச்சுப் பாக்கறான். ஆனா பாருங்க அண்ணி, இன்னும் கோட்டைக்குள்ளதான் நிக்கறான். ஒரு அடி கூட வைக்கல. இது திட்டம் போடற சீட்டு. போ, இருன்னு எதையும்..."

"கடலைப் பாத்துட்டு நிக்கறானே!" என்றாள் அண்ணி.

"அண்ணி, நான் சொல்லி முடிக்கல."

ஆனால் அண்ணி எழுந்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். நமக்கு என்ன கேட்க வேண்டுமோ அதுவரைக்கும்தான் காது திறந்திருக்கிறது, என்ன செய்வது?

கிளினிக்கில் அன்று அண்ணிக்கு ஒரு மேல் செட் வேலை. மெழுகுக் கட்டையை நோயாளியின் வாயில் வைத்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே சந்திக்கின்றன என்று டாக்டர் ஏற்கெனவே கடி எடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கடியை வைத்துத்தான் மாவுக்கட்டு அச்சு இரண்டையும் கருவியில் பொருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் பல். நடுவில் இரண்டு, அப்புறம் பக்கத்தில். முன்பல் ஆறையும் மெழுகில் நிறுத்திவிட்டு, கை துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், நான் கிளம்பறேன்."

"தலைவலியா? போயிட்டு வா."

"இல்ல டாக்டர். மொத்தமா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அண்ணி விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்ல விஷயம்தான். எப்ப?"

"சீக்கிரமே."

"சீக்கிரம்னா? உன் எடத்துக்கு நான் ஆள் தேடணுமே."

"அது... கேக்கணும்."

"அங்க வேலை செய்ய அனுமதி யார் வாங்கித் தராங்க? உன் சர்டிஃபிகேட் அங்க செல்லுமா?"

"செல்லும்னுதான் நினைக்கிறேன்."

"பொண்ணு பள்ளிக்கூடம்?"

"அதுவும்... கேக்கணும்" என்றாள் அண்ணி. பதினோரு வயசுப் பெண்ணை எந்த வகுப்பில், எந்த மாசம் சேர்ப்பது என்று மூன்று வாரத்தில் அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"சரி" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு வந்து தேதி சொல்லு. நான் ஆள் தேட ஆரம்பிக்கறேன்."

வெளியே வந்த அண்ணி, சொல்லியாகிவிட்டது, சீட்டே சொல்லிவிட்டது என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்தாள். மூன்று பேரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமா நல்ல குஷியில் இருந்தார்.

"சீப்பு, காலையில உன் மேஜை மேல மூணு சீட்டு வச்சிருந்தியே. நடுவுல ஒண்ணு தலைகீழா கெடந்துச்சு. பின்னால போட்ட விளக்கு கீழ பாத்து இருந்துச்சுடி. நான்தான் நேராக்கி வச்சேன்."

சீப்பின் கை தட்டிலேயே நின்றது.

"என்ன பண்ணீங்க?"

"நேராக்கினேன். எல்லாம் சீரா இருந்தாதான கண்ணுக்கு நல்லா இருக்கும்?"

"அப்பா!"

"என்னம்மா? நாப்பது வருஷம் சட்டம் மாட்டின கை இது. கோணலாப் பாத்தா சும்மா இருக்குமா?"

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப... நடுச் சீட்டு தலைகீழாதான் வந்துச்சா?"

சீப்பு மெதுவாகத் தலையாட்டினாள்.

அண்ணி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்! காலையிலயே போய், வேலையை விடறேன்னு சொல்லிட்டேன்! மாமா, உங்களை யாரு அதைத் தொடச் சொன்னது?"

பதிமூன்று வருஷத்தில் மருமகள் குரல் உயர்த்தி அவர் கேட்டதில்லை. மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "விளையாட்டுச் சீட்டுன்னு நினைச்சேம்மா" என்றார். பாவம், அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"மறுபடி போடு" என்று அண்ணி சீப்பைப் பிடித்து இழுத்தாள். "இப்பவே போடு."

"போட மாட்டேன். பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் போட்டுட்டே இருந்தா அதுக்குப் பேரு பிடிவாதம். உட்காருங்க. தலைகீழா வந்தா என்னன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"என்ன, போகாதன்னு அர்த்தம். வேற என்ன?"

"இல்லவே இல்ல. நேரா வந்தாலே போன்னு அர்த்தம் கிடையாது, அதைத்தான் காலையில சொல்ல விடாம ஓடினீங்க. நேரா வந்தா, திட்டம் நடக்குது, தூரமாப் பாக்கறாங்கன்னு அர்த்தம். தலைகீழா வந்தா, திட்டமே இல்ல. தெரியாத இடத்தை நினைச்சு பயம். பயத்துல ஒண்ணு தெரிஞ்ச சுவத்தையே கட்டிக்கறது, இல்ல கண்ணை மூடிட்டுக் குதிக்கறது. உலகம் கையிலதான் இருக்கு, ஆனா அதைத் திருப்பித் திருப்பிப் பாக்கல. அவ்வளவுதான். கெட்ட சீட்டே இல்ல."

அண்ணி உட்கார்ந்தாள். டாக்டரம்மா கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது.

"கரெக்டா சொல்லுதுடி. மூணு வாரமா நான் யோசிக்கவே இல்ல, பயந்துட்டு மட்டும் இருந்தேன். அவகிட்ட ஒரு கேள்வி கேக்கல. லேப்ல எத்தனை பேர்னு கூட எனக்குத் தெரியாது. கடி எடுக்காம ஒரு பல்லை நட மாட்டேன், அப்படிப்பட்டவ நான். என் வாழ்க்கையில மட்டும் நேரா பல்லை அடுக்கப் போயிட்டேன்."

"அப்ப இப்ப கடி எடுங்க."

"நீயும் சொல்லு. நான் போனா உனக்குக் கஷ்டம்தானே?"

சீப்பு சாப்பிட்ட கையைப் பார்த்தபடி சொன்னாள். "கஷ்டம்தான். ரொம்ப. நீங்க இல்லாத வீட்டுல நான் யாரோட சண்டை போடுவேன்? ஆனா அதை நீங்க ஒரு கேள்வியா எழுதிக்கோங்க, பதிலா எழுதிக்காதீங்க."

அதுவரை சும்மா இருந்த மாமா தொண்டையைச் செருமினார்.

"என்னை யாருமே கேக்கல. நானே சொல்றேன். நான் இங்கதான் இருப்பேன், எனக்கு இந்த ஊரு போதும். ஆனா மருமகளே, நீ இருக்கறதுன்னா உனக்காக இரு. மாமாவுக்காக இருந்துட்டேன்னு நாளைக்குச் சொல்லி பழிய என் தலையில கட்டாத. தாங்க மாட்டேன்."

அண்ணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள். மன்னிப்புக் கேட்கிற விதம் இந்த வீட்டில் அதுதான். அவரும் வேண்டாமென்று சொல்லாமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டதும் மாமா பரணிலிருந்து சட்டத்துக்குப் பின்னால் ஒட்டும் பழுப்புக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். நான்கு மூலையிலும் கனமாக எதையோ வைத்து, அளவுகோலால் கோடு போட்டுக் கொடுத்தார். சீப்பு இரண்டு வாடிக்கையாளர்களை நாலு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினாள். அண்ணி பென்சிலை எடுத்தாள்.

முதல் மூன்று கேள்வி டாக்டரம்மாவுடையது. வேலை அனுமதி வாங்க எத்தனை மாசம் ஆகும்? என் சர்டிஃபிகேட் செல்லுமா, அங்கே மறுபடி பரீட்சை எழுதணுமா? பள்ளிக்கூடம் எந்த மாசம் ஆரம்பிக்கிறது? பிறகு கை தானாக ஓடியது. ஒரு நாளைக்கு எத்தனை செட்? அச்சு எடுக்கிறது கையிலா, மெஷினிலா? பங்குதாரர் என்றால் ஒப்பந்தத்தில் என் பெயர் இருக்குமா? தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

"அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கே, போறது அதுக்கு முன்னாடியா, அப்பறமா?" என்று சீப்பு சொன்னாள். அதையும் எழுதினாள்.

"பிடிக்கலைன்னா திரும்பி வர முடியுமா?" என்றார் மாமா. அது பதினொன்றாவது.

"இங்க டாக்டர் ஒரு வருஷம் என் இடத்தை வச்சிருப்பாங்களா?" என்று அண்ணியே எழுதினாள். எழுதும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. மொத்தம் பதினாலு. கிளினிக்குக்குப் போன் செய்து, தேதி சொல்ல இரண்டு வாரம் வேண்டும் என்று கேட்டாள். "இப்பதான் நீ பேசற மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா.

ஆறு மணிக்கு போன் அடித்தது. சீப்பும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் காதைக் கொடுத்தார்கள்.

"என்ன, வர்றியா?" என்றாள் தோழி.

"இன்னும் தெரியல. கேள்வி இருக்கு. பதினாலு."

வாய்ப்பு கைநழுவிப் போய்விட்டது என்றே அண்ணி நினைத்தாள்.

"சொல்லு" என்றாள் தோழி.

ஒவ்வொன்றாகப் படித்தாள். தோழி சிலதுக்கு உடனே பதில் சொன்னாள். அனுமதிக்கு நாலு மாசம். பரீட்சை உண்டு, ஆனால் அவர்கள் மொழியில் இல்லை. அச்சு பாதி மெஷின், பாதி கை. ஒப்பந்தத்தில் பெயர் என்றதும் தயங்கி, "அதை நான் இன்னும் எழுதவே இல்ல" என்றாள். திரும்பி வர முடியுமா என்ற பதினொன்றாவதுக்கு அவளிடமும் பதில் இல்லை.

"நானும் பயந்துட்டுதான் இருக்கேன்டி" என்றாள் கடைசியில். "நீ வேகமா சரின்னு சொல்லிட்டா என் பயம் போயிடும்னு நினைச்சேன். ஒண்ணு பண்ணு. அடுத்த மாசம் ரெண்டு வாரம் வா. லேப்ல உட்கார்ந்து பாரு, பள்ளிக்கூடத்தைப் பாரு. ஒப்பந்தத்தை சேர்ந்து எழுதலாம். அதுக்கப்புறம் சொல்லு."

போனை வைத்ததும் சீப்பு அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாமா காகிதத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் நேரே டிக் அடித்தார், எல்லாம் ஒரே அளவில். எத்தனையோ நாளுக்குப் பிறகு அண்ணிக்கு நன்றாகப் பசித்தது.

ஏழரைக்கு அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், டெப்போவிலிருந்து வந்தார். மேஜை மேல் விரித்திருந்த காகிதத்தைப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதை சொன்னார்கள். நின்றபடியே கேட்டார். பிறகு குனிந்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை விரலை வைத்துப் படித்தார். கால அட்டவணை படிக்கிறவர் இல்லையா, ஒரு வரிகூட விடவில்லை.

"நல்லா இருக்கு" என்றார்.

"என்னங்க சொல்றீங்க, ரெண்டு வாரம் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

வழக்கமான அந்த இரண்டு வார்த்தைக்காக அண்ணி காத்திருந்தாள். அது வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பதினாலுக்குக் கீழே ஏதோ எழுதினார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, கை கால் கழுவ உள்ளே போய்விட்டார்.

அண்ணி காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் எழுதியிருந்தாள். மாமாவுக்குக் கண் எழுதியிருந்தாள். கிளினிக்கில் தன் இடத்தைக்கூட எழுதியிருந்தாள். நேரம் குறிக்கிற அந்தச் சின்ன, நேரான எழுத்தில் பதினைந்தாவதாக இருந்தது:

'நானும் வரணுமா?'

பதில் எழுத அண்ணி பென்சிலை எடுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் வேகமாக நடந்தாள்.